மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் அஃப்ளாடாக்சின் நஞ்சு

1974-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இராஜஸ்தானத்தைச் சேர்ந்த பான்ஸ்வாடா மாவட்டத்திலும், அதனை அடுத்துள்ள குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டத்திலும் விந்தையானதொரு நோய் தோன்றியது. முதலில் சில நாட்கள் காய்ச்சல், வாந்தி, பசியின்மை. பின்னர்க் கண்களும் தோலும் மஞ்சள் நிறமடைந்தன. அதனைத் தொடர்ந்து பலருக்கு வயிற்றில் நீர் கோத்து மகோதரம் உண்டாயிற்று. 150-க்கும் மேற்பட்ட கிராமங்களில் இந்நோய் காணப்பட்டது. கணக்கில் வந்த 397 நோயாளிகளுள் 106 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பழங்குடி மக்கள். மக்காச்சோள ரொட்டியே அவர்களது அன்றாட உணவு.

மஞ்சட்காமாலை பல காரணங்களால் உண்டாகக் கூடும். தொற்றுக் கிருமியால் வரும் காமாலை என்றே எவரும் முதலில் ஐயுறுவர். ஆயினும் ஆராய்ந்தவர்களின் கண்ணில் இரு செய்திகள் பட்டன. நோயுற்றவர்களின் வீட்டில் அதே உணவை உண்ட நாய்களும் காமாலையும் மகோதரமும் கண்டு மடிந்தன. மேலும், பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட குடும்பங்களிலேயே நோய் காணப்பட்டது. மனிதரையும் நாயையும் ஒருங்கே தாக்கியதும், ஒரே தானியத்தைச் சுற்றி நின்றதும், நோயின் மூலம் உணவிலேயே இருத்தல் வேண்டும் என்பதைக் காட்டின.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிலையத்தைச் சேர்ந்த அறிஞர்கள் அம்மக்காச்சோளத்தைச் சோதித்தபோது, கிலோகிராம் ஒன்றுக்கு 6.25 முதல் 15.6 மில்லிகிராம் வரை அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு அதில் இருப்பது தெரிந்தது. நாள் ஒன்றுக்குச் சுமார் 400 கிராம் மக்காச்சோளம் உண்ணும் ஒருவருக்கு, இவ்வளவில் 2.5 முதல் 6 மில்லிகிராம் வரை நஞ்சு உடலிற் சேரும். இன்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் தானியங்களில் அனுமதிக்கும் மேல் வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமில் ஆயிரம் மைக்ரோகிராம் அடங்கும் என்பதை நினைவிற் கொண்டால், அந்தத் தானியத்தில் இவ்வரம்பைப் போல் ஏறத்தாழ 400 மடங்கு முதல் 1,000 மடங்கு வரை நஞ்சு இருந்தது என்பது விளங்கும்.

அடுத்த ஆண்டு அதே பகுதியிலிருந்து எடுக்கப்பட்ட மக்காச்சோளத்தில் நஞ்சு மிகக் குறைவாகவே இருந்தது. நோயும் திரும்பி வரவில்லை. ஊர் அதே ஊர்; மக்கள் அதே மக்கள்; உணவும் அதே உணவு. மாறியது எது? அவ்வாண்டின் மழையும், தானியத்தில் தங்கிய ஈரமுமே. இக்கட்டுரை அந்த ஈரத்தைப் பற்றியதே.

நஞ்சை உண்டாக்குவது எது?

இந்நஞ்சு கண்டறியப்பட்டதற்கு நிலக்கடலையே காரணமாயிற்று. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் திடீரென மடிந்தன. அவற்றின் தீனியில் பிரேசில் நாட்டு நிலக்கடலைப் புண்ணாக்குக் கலந்திருந்தது. அப்புண்ணாக்கை ஆராய்ந்தபோது, ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்னும் பூசணம் அதில் வளர்ந்து நஞ்சைச் சுரந்திருப்பது புலனாயிற்று. அப்பூசணத்தின் பெயரிலிருந்தே அஃப்ளாடாக்சின் என்ற பெயரும் அமைந்தது. இதில் பல வகைகள் உண்டு. புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்பவை பி வகை என்றும், பச்சையாக ஒளிர்பவை ஜி வகை என்றும் கூறப்படும். பி-1 என்பதே இவற்றுள் மிகக் கொடியது. பேரளவில் உட்கொண்டால், பான்ஸ்வாடாவிற் கண்டவாறு, சில வாரங்களிலேயே அது கல்லீரலை அழித்துவிடும். சிற்றளவில் ஆண்டுக்கணக்காக உட்கொண்டால் கல்லீரற் புற்றுநோய்க்குக் காரணமாகும்.

இப்பூசணம் அரிதான ஒன்றன்று. நம் வயல்களின் மண்ணிலும், காய்ந்த தட்டைகளிலும், களத்தின் தூசியிலும் அதன் நுண்விதைகள் எங்கும் பரவியுள்ளன. எனவே அது தானியத்தை அணுகவே கூடாது என்று தடுத்தல் இயலாத செயல். ஆனால் அது முளைத்து வளர்வதற்கு இரண்டு தேவை: ஒன்று வெப்பம், மற்றொன்று ஈரம். அதற்கு உகந்த வெப்பம் 25 முதல் 35 டிகிரி சென்டிகிரேடு வரை. நம் நாட்டில் அறுவடைக் காலத்தின் இயல்பான வெப்பமே அது. வெப்பத்தை நாம் மாற்ற முடியாது. நம் கையில் எஞ்சியிருப்பது ஈரம் ஒன்றே.

பயிர் நிற்கும்போதே தொடங்கும் கேடு

நஞ்சு களஞ்சியத்தில்தான் பிறக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. நிலக்கடலையில் காய் முற்றும் இறுதி வாரங்களில் மழை பொய்த்து மண் காய்ந்து சூடேறினால், செடியின் இயல்பான எதிர்ப்பாற்றல் குன்றுகிறது. மண்ணிலேயே உள்ள பூசணம் அப்போது காயினுள் நுழைந்துவிடும். கறையான் அரித்த காய்களிலும், களை வெட்டும்போது வெட்டுப்பட்ட காய்களிலும், பிடுங்குவதற்குக் காலந்தாழ்த்தியதால் வெடித்த காய்களிலும் அது எளிதாக நுழையும். மக்காச்சோளத்தில் கதிரைத் துளைக்கும் புழுக்களும், மேலுறை முழுதும் மூடாத கதிர்களும் அதற்கு வழி திறந்து வைக்கின்றன.

இவ்வாறு வயலில் நுழைந்த பூசணம் பெரும்பாலும் சிற்றளவிலேயே இருக்கும். அறுவடைக்குப் பின்னும் ஈரம் தங்குமானால்தான் அது பெருகிப் பரவும். வறட்சியால் நலிந்த பயிரின் மேல் அறுவடைக் காலத்தில் பருவந்தவறிய மழை பெய்வதே யாவற்றினும் கொடிய சேர்க்கையாகும். 1974-இல் மேற்கிந்தியாவில் நேர்ந்தது இதுவே. 2004-ஆம் ஆண்டில் கென்யா நாட்டிலும் ஈரம் உலராத மக்காச்சோளத்தை வீடுகளுக்குள் சேர்த்து வைத்ததனால் 317 பேர் நோயுற்றனர். அவர்களுள் 125 பேர் உயிரிழந்தனர்.

எவ்வளவு ஈரம் இருக்கலாம்?

மக்காச்சோளத்தைப் பல மாதங்கள் சேமித்து வைக்க வேண்டுமாயின் அதன் ஈரம் நூற்றுக்கு 13 பங்குக்கு மேற்படலாகாது என்பர். உரித்த நிலக்கடலைப் பருப்புக்கோ 7 பங்குக்கு மேற்படலாகாது. ஒன்றுக்கு 13, மற்றொன்றுக்கு 7 என ஏன் இவ்வளவு வேறுபாடு? இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம்.

100 கிலோ நிலக்கடலைப் பருப்பில் 7 கிலோ நீரும், ஏறத்தாழ 47 கிலோ எண்ணெயும் இருப்பதாகக் கொள்வோம். எஞ்சிய 46 கிலோ புரதமும் மாவுப்பொருளும் பிறவுமாகும். எண்ணெயில் நீர் தங்காது. ஆகவே அந்த 7 கிலோ நீரும் எண்ணெய் நீங்கிய பகுதியிலேயே அடங்கியிருக்கிறது. அப்பகுதியின் எடை நீரையும் சேர்த்து 53 கிலோ. 53-இல் 7 என்பது நூற்றுக்கு 13 பங்கைச் சற்றே கடக்கும். அதாவது, பூசணம் வாழக்கூடிய இடத்தை மட்டும் நோக்கினால், 7 பங்கு ஈரமுள்ள கடலைப் பருப்பும் 13 பங்கு ஈரமுள்ள மக்காச்சோளமும் ஏறக்குறைய ஒரே அளவு உலர்ந்தவையே. மக்காச்சோளத்துக்குப் பழகிய கையால் கடலையையும் மதிப்பிட்டு, "பத்துப் பங்கு ஈரந்தானே, கேடில்லை" என்று எண்ணுவோர் ஏமாறுவது இதனாலேயே.

உலர்த்துதல்

மண்ணிலிருந்து பிடுங்கிய உடன் நிலக்கடலைக் காயில் நூற்றுக்கு 35 பங்குக்கு மேலும் ஈரம் இருக்கும். இதனைச் சில நாட்களுக்குள் இறக்குவதே முக்கியம். செடிகளைப் பிடுங்கியதும் ஈரத்தோடு குவியலாக அடுக்கிவிடுவது பெருந்தவறு. குவியலின் நடுவே காற்றுப் புகாது, வெப்பம் ஏறும், அது பூசணத்துக்கு நாமே அமைத்துக் கொடுத்த இல்லமாகும். செடிகளைத் தலைகீழாக, காய்கள் மேலேயும் இலைகள் மண்ணின் மீதும் படுமாறு வரிசையாகப் பரப்பினால், காய்கள் ஈர மண்ணைத் தொடாமல் காற்றிலே உலரும். பின்னர்க் காய்களை ஆய்ந்தெடுத்து, தார்ப்பாயின் மீதோ நல்ல களத்திலோ இரண்டு விரற்கடைக்கு மேற்படாத கனத்தில் பரப்பி, அவ்வப்போது கிளறிவிடல் வேண்டும். மாலையில் குவித்து மூடிவிட்டால் பனியின் ஈரம் படியாது. மண்ணில் தங்கி, பின்னர்த் தேடியெடுத்த காய்களை நல்ல காய்களோடு ஒருபோதும் கலத்தலாகாது. ஏனெனில் அவையே மிகுதியாகக் கெட்டிருக்கும்.

மக்காச்சோளக் கதிரை அறுத்தவுடன் உரித்துப் பரப்பி உலர்த்துவதும், மணிகளை உதிர்த்த பின் மறுமுறை உலர்த்துவதும் நலம். கதிரின் நடுத்தண்டு மணியைவிட மெதுவாகக் காயும். மணி காய்ந்ததுபோல் தோன்றும்போதும் தண்டில் ஈரம் இருக்கும் என்பதை மறத்தலாகாது.

மணி காய்ந்துவிட்டதா என்பதை அறியக் கருவி இல்லாதோர்க்கும் ஓர் எளிய சோதனை உண்டு. நன்கு உலர்ந்த கண்ணாடிப் புட்டி ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு மக்காச்சோளத்தை இடுக. அதனோடு வெயிலிலோ அடுப்பிலோ நன்கு உலர்த்திய பொடியுப்பு ஒரு கரண்டி சேர்த்து, மூடி, ஒரு நிமிடம் குலுக்குக. சிறிது நேரம் அசையாமல் வைத்துப் பார்த்தால், புட்டியின் உட்புறத்தில் உப்பு ஒட்டியிருக்குமானால் தானியத்தில் நூற்றுக்கு 15 பங்குக்கு மேல் ஈரம் உண்டு. ஒட்டாவிடில் 15-க்குக் குறைவு. இச்சோதனை 15-க்கும் 13-க்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் காட்டாது. ஆகவே உப்பு ஒட்டாத நிலை வந்த பின்னரும் மேலும் ஒன்றிரண்டு நாள் வெயிலில் உலர்த்திய பிறகே மூட்டை கட்ட வேண்டும். சோதனைக்கு எடுக்கும் தானியம் குவியலின் மேற்புறத்திலிருந்து மட்டுமின்றி அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் எடுத்ததாக இருத்தல் வேண்டும்.

இவ்வளவு தெரிந்திருந்தும் ஈரத் தானியம் சந்தைக்கு வருவதேன்? 18 பங்கு ஈரமுள்ள 100 கிலோ மக்காச்சோளத்தில் உலர்ந்த பொருள் 82 கிலோ. அதனை 13 பங்கு ஈரத்துக்கு உலர்த்தினால் மொத்த எடை 94 கிலோவாகக் குறையும். எடைக்கே விலை தரும் சந்தையில், உழவர் தம் உழைப்பால் ஏறத்தாழ 6 கிலோவின் விலையை இழக்கிறார். நிலக்கடலையிலோ உடைபட்ட பருப்புக் குறைய வேண்டும் என்பதற்காக, இயந்திரத்தில் தோலுடைக்கும் முன் காய்களின் மேல் நீர் தெளிக்கும் வழக்கமும் பலவிடங்களில் உண்டு. வெயிலில் பல நாள் பட்ட பாட்டை இது ஒரு மணி நேரத்தில் வீணாக்கிவிடும். தெளித்த பருப்பை மீண்டும் உலர்த்தாது சாக்கில் இட்டால் பூசணம் அங்கேயே தொடங்கும்.

களஞ்சியத்தில் நேர்வது

நன்கு உலர்ந்த தானியமும் சேமிப்பில் மீண்டும் ஈரமாகக் கூடும். கூரை ஒழுக்கும், மண் தரையின் ஈரக்கசிவும் யாவரும் அறிந்தவை. சாக்குகளைச் சுவரோடு சாய்க்காமலும், தரையில் நேரே வைக்காமலும், மரச்சட்டங்களின் மேல் அடுக்குவது இதற்காகவே. அறியாதோர் பலராய் இருக்கும் இருவழிகள் வேறு உண்டு.

முதலாவது வண்டு. பூச்சிகள் மூச்சுவிடும்போது நீராவியும் வெப்பமும் வெளிவருகின்றன. ஒரு மூட்டையின் நடுவே வண்டு பெருகினால் அவ்விடம் சூடேறி, ஈரங்கொண்டு, பூசணத்துக்கு இடமாகும். எனவே வண்டை ஒழிப்பது பூசணத்தைத் தடுப்பதன் ஒரு கூறேயாகும். இரண்டாவது, வெயிலில் சூடான தானியத்தை அப்படியே தகரக் குதிரில் கொட்டி மூடுவது. இரவில் தகரம் குளிர்ந்ததும் உள்ளிருந்து எழும் நீராவி அதன் உட்புறத்தில் துளியாகப் படிந்து மேலடுக்கை நனைக்கும். தானியம் ஆறிய பிறகே குதிரில் இடவேண்டும். மேலடுக்கு கட்டிதட்டுவதும், கையை உள்ளே நுழைத்தால் வெதுவெதுப்பாக இருப்பதும், புழுங்கல் நாற்றமும் கேட்டின் முதல் அறிகுறிகள்.

காற்றுப் புகாத உறைகளில் சேமித்தால் வண்டும் பூசணமும் உயிர்க்காற்றின்றி அடங்கும். ஆயின் உலர்ந்த தானியத்துக்கே அவை ஏற்றவை. ஈரத் தானியத்தை உள்ளே அடைத்தால் நொதித்துக் கெடும். உறையைத் திறந்தவுடன் பூசணமும் விரைந்து பெருகும்.

ஏன் ஒரு பிடி போதாது?

நஞ்சு தானியத்தில் எங்கும் சமமாகக் கலந்திருப்பதில்லை. ஆயிரக்கணக்கான நல்ல மணிகளுக்கிடையே சில மணிகள் மட்டுமே நஞ்சைச் சுமக்கும். அரைக் கிராம் எடையுள்ள ஒரு கெட்ட கடலைப் பருப்பில் அரை மில்லிகிராம், அதாவது 500 மைக்ரோகிராம் நஞ்சு இருக்கக்கூடும். அப்பருப்பு ஒன்றை மாசற்ற 10 கிலோ பருப்போடு சேர்த்து அரைத்தால், அரைத்த மாவில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் நஞ்சு காணும். இது வரம்பான 15-ஐப் போல் மூன்று மடங்குக்கும் மேல். 10 கிலோவில் ஏறத்தாழ 20,000 பருப்புகள் உள்ளன. அவற்றுள் ஒன்றே இக்கேட்டைச் செய்தது. ஒரு பிடி எடுத்துச் சோதித்தால் அந்த ஒன்று கையில் அகப்படாமலே போகலாம். ஆகவேதான் பல மூட்டைகளிலிருந்து சிறிது சிறிதாகப் பல கிலோ எடுத்து, முழுவதையும் அரைத்துக் கலந்த பின்னரே அதில் ஒரு பகுதியைச் சோதனைக்கு எடுக்கின்றனர். நுட்பமான கருவியும், தவறாக எடுத்த மாதிரியைச் சரி செய்யாது.

இதே உண்மையில் ஒரு நன்மையும் உண்டு. கெட்டவை சிலவே ஆதலால், அவற்றைப் பொறுக்கி நீக்கினால் நஞ்சின் பெரும்பகுதி நீங்கிவிடும். சுருங்கியவை, நிறம் மாறியவை, பூசணம் படிந்தவை, உடைந்தவை, வண்டு துளைத்தவை ஆகிய பருப்புகளை விலக்குதல் வேண்டும். ஆயினும் பார்வைக்கு நல்லதாகத் தோன்றும் பருப்பிலும் நஞ்சு இருக்கலாம். பூசணம் காணப்படினும் நஞ்சு இல்லாதிருக்கலாம். ஆகவே பொறுக்குதல் கேட்டைக் குறைக்குமேயன்றி, "இதில் நஞ்சு இல்லை" என்று உறுதி கூறாது. புற ஊதா விளக்கின் கீழ் மக்காச்சோளம் பசுமஞ்சளாக ஒளிர்வதையும் இவ்வாறே கொள்க. அவ்வொளி பூசணம் வளர்ந்ததற்கு அடையாளம். நஞ்சின் அளவை அது காட்டாது.

கெட்டுப்போன பின்

சமைத்தால் நஞ்சு நீங்கும் என்பது தவறான நம்பிக்கை. அஃப்ளாடாக்சின் சிதைவதற்கு 200 டிகிரிக்கு மிகுந்த வெப்பம் வேண்டும். கொதிநீர் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. ரொட்டி சுடுவதாலும் வறுப்பதாலும் ஒரு பகுதி குறையலாம், மற்றது தங்கும். பூசணத்தைக் கழுவித் துடைத்தாலும் உள்ளே ஊறிய நஞ்சு போகாது. கடலையை எண்ணெயாக ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடும். காரமிட்டுச் சுத்திகரித்த எண்ணெயில் அது ஏறத்தாழ இராது. சுத்திகரிக்காத எண்ணெயில் ஓரளவு இருக்கக்கூடும். ஆனால் அப்புண்ணாக்கைக் கறவை மாட்டுக்கு இட்டால், நஞ்சின் ஒரு சிறு பகுதி எம்-1 என்னும் வடிவில் பாலிலே வெளிவரும். எனவே மனிதருக்கு ஆகாததை மாட்டுக்கு இடுவது, வேறு பாத்திரத்தில் அதே நஞ்சைத் திரும்பப் பெறுவதேயாகும்.

கெட்ட தானியத்தை நல்லதோடு கலந்து செலவிடுவது யாவற்றினும் பெரிய தவறு. மேலே கண்ட கணக்கின்படி, ஒரு மூட்டையின் கேடு பல மூட்டைகளுக்குப் பரவுமேயொழியக் குறைந்து மறைந்துவிடாது.

பான்ஸ்வாடாவிலும் பஞ்சமகாலிலும் நோயுற்றோர் பூசணத்தைக் காணாதவர் அல்லர். அவர்களிடம் உண்பதற்கு வேறு தானியம் இல்லை. உலர்த்தும் முறையைக் கற்பிப்பதோடு அமையாது, அறுவடையில் மழை பெய்த ஆண்டில் அத்தகைய ஊர்களின் தானியத்தை உடனே சோதிப்பதும், கெட்டதை வாங்கிக்கொண்டு அதற்கு ஈடாக நல்ல தானியம் வழங்குவதும் உணவுப் பாதுகாப்பைக் கற்போர் அறிய வேண்டிய பணியாகும். தட்டில் கெட்ட ரொட்டி ஒன்றே இருக்கும்போது அதை உண்ணாதே என்று கூறும் அறிவுரை எவரையும் காப்பாற்றுவதில்லை.